துண்டாக்கிய பின் வகைப்படுத்துதல்: டெல்டா படங்களில் என் அனுபவம்

திருவையாறு வட்டாரத்தின் வாழைப் பரப்பைக் கணக்கிடவிருக்கும் நண்பர் ஒருவர், செயற்கைக்கோள் படத்தை முதலில் துண்டுகளாகப் பிரித்துப் பிறகு வகைப்படுத்தும் முறை சென்டினல்-2 படங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டார். ஆர்ஃபியோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருளில் படத்தைத் துண்டாக்கித் தரும் மீன்ஷிஃப்ட் கருவியைத் தஞ்சை டெல்டாவில் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பிக்சல் பிக்சலாக வகைப்படுத்தும்போது, ஒவ்வொரு பிக்சலும் தன் அண்டை என்னவென்று அறியாமலே தனக்கொரு வகையைப் பெறுகிறது. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர் விடுவது வழக்கம் என்பதால், பத்து மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் ஓரிரு மரங்களும் அவற்றின் நிழலும் இடையில் உள்ள புல்லோ ஊடுபயிரோ வெவ்வேறு அளவில் விழுகின்றன. ஆகவே ஒரே தோப்புக்குள் அண்மை அகச்சிவப்பு மதிப்பு ஏறி இறங்குகிறது. ஏறிய பிக்சல்களில் சில வாழையின் மதிப்பைத் தொட்டுவிட, வரைபடத்தில் தோப்பெங்கும் வாழைப் புள்ளிகள் மிளகு தூவியதுபோல் தெரிகின்றன. தோப்பை ஒரு துண்டாக எடுத்து அதன் சராசரியை வகைப்படுத்தியிடம் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது. பிக்சல்களின் சிதறல் 300 என்று வைத்துக்கொண்டால், ஒன்றையொன்று சாராத 25 பிக்சல்களின் சராசரியில் அது 60 ஆகக் குறையும். அண்டைப் பிக்சல்கள் ஓரளவு ஒத்திருக்கும் என்பதால் உண்மையில் அவ்வளவு குறையாது. ஆனாலும் தென்னையும் வாழையும் விலகி நிற்க அது பெரும்பாலும் போதுமானது.

முடிவு வந்தபின் பெரும்பான்மை வடிகட்டி போட்டும் புள்ளிகளை நீக்கலாமே என்பார்கள். அந்த வடிகட்டி வகைகளின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. தவறான பிக்சல்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் தவறே வெல்கிறது, ஒரு பிக்சல் அகல வாய்க்காலும் காணாமல் போகிறது. துண்டாக்கும் முறை, வகையை முடிவு செய்வதற்கு முன்பே நிற மதிப்புகளைப் பார்த்து எல்லை போடுவதால், வயலிலிருந்து தெளிவாக வேறுபடும் வாய்க்கால் தனித் துண்டாகப் பிழைத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

என் பொறுமையைச் சோதிப்பது `ranger` என்ற ஒரே எண்.

```
otbcli_LargeScaleMeanShift -in delta.tif -spatialr 5 \
  -ranger 200 -minsize 12 \
  -mode vector -mode.vector.out thundu.shp
```

எவ்வளவு மதிப்பு வேறுபாடு வரை இரு பிக்சல்களை ஒன்றெனக் கருதலாம் என்பதை இந்த எண் சொல்கிறது. அதன் அளவுகோல் படத்தின் அளவுகோலே. இயல்பாக இருக்கும் 15, எதிரொளிப்பைப் பத்தாயிரத்தால் பெருக்கித் தரும் சென்டினல்-2 படத்தில் ஒரே வயலையும் பொடிப்பொடியாக்கிவிடும்; பிறகு துண்டின் குறைந்தபட்சப் பிக்சல் எண்ணிக்கையைச் சொல்லும் `minsize` அந்தப் பொடிகளை ஒட்டித் தருகிற துண்டுகள் பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் வயல் எல்லைகளோடு பொருந்துவதில்லை. அதே படம் 0 முதல் 1 வரையிலான மதிப்புகளில் இருந்தால், 15 என்பது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். ஒரு தேதியின் நான்கு பட்டைகளோடு இன்னொரு தேதியின் நான்கைச் சேர்த்தால் தூரங்கள் கூடுவதால், இந்த எண்ணையும் ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்த்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது, படம் முழுவதற்கும் ஒரே எண்தான் என்பது. நீர் நிற்கும் இளநடவு வயல்கள் ஒரே சீரானவை. தோப்பு உள்ளுக்குள்ளேயே பெரிதும் மாறுபடுவது. தோப்பு உடையாதபடி எண்ணை உயர்த்தினால் நடவு வயல்கள் பக்கத்துத் தரிசோடு சேர்ந்துவிடுகின்றன. வயலுக்காகத் தாழ்த்தினால் தோப்பு உடைந்து, புள்ளிகள் திட்டுகளாகத் திரும்பி வருகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமென்றால் உடைவதையே ஏற்பேன். உடைந்த துண்டுகள் வகைப்படுத்தலில் மீண்டும் ஒன்று சேரலாம்; இரு பயிர்கள் கலந்துவிட்ட துண்டை எந்த வகைப்படுத்தியாலும் பிரிக்க முடியாது. கலந்ததா என்று அறிய, வெளியீட்டு அட்டவணையை, துண்டுக்குள் மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் `varB3` நிரலின்படி இறங்குவரிசையில் அடுக்கி, மேலே வரும் துண்டுகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன். பட்டைகளை 0 முதல் எண்ணுவதால், என் வரிசையில் `B3` என்பது நான்காவதான அண்மை அகச்சிவப்பு. நடுவில் நேர்கோடாக ஓர் எல்லை தெரிந்தால் அது கலந்த துண்டு.

`minsize` பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயல்பான 50 பிக்சல், சென்டினல்-2 படத்தில் அரை ஹெக்டேர். தஞ்சைக் கணக்கில் ஒரு மா நிலம் 33 சென்ட், அதாவது சுமார் 13 பிக்சல். 50 என்று விட்டால் ஏறக்குறைய நான்கு மாவுக்குக் குறைந்த வயலெல்லாம் அண்டை வயலில் கரைந்துவிடும். அதனால்தான் 12 என்று வைக்கிறேன். ஆனால் 12 பிக்சல் வயலில் பெரும்பாலானவை வரப்போரப் பிக்சல்கள். அவற்றில் பக்கத்துப் பயிரும் கலந்திருப்பதால் சராசரி எடுத்தும் பயன் குறைவு.

தோப்பு, குடியிருப்பு, நெல் என்று பரந்த வகைகளுக்கு இந்த முறையை நான் விடப்போவதில்லை. நண்பருக்கோ வேண்டாம் என்றே சொன்னேன். அவர் தேடுவது ஒன்றிரண்டு மாவாகச் சிதறிக் கிடக்கும் வாழை. ஐந்து மீட்டர் பிக்சல் கொண்ட, இந்தியச் செயற்கைக்கோளின் லிஸ்-4 படம் கிடைக்கும்வரை, புள்ளிகளோடே பிக்சல் வரைபடத்தை வைத்துக்கொண்டு களத்தில் சரிபார்ப்பது அவருக்கு நல்லது.