முகத்தில் அடிக்கும் பச்சையை எடுக்க Color லேயர்: ஐந்து வருடப் பயன்பாட்டில் கண்டது

பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படங்களில் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் ஒரு பாசி நிறம் ஏறியிருக்கும். சுவரில் பட்ட வெளிச்சம் பச்சையாகித் திரும்பி வந்து, முக்கிய விளக்கின் வெளிச்சம் எட்டாத நிழல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இதைத்தான் நிறக் கசிவு என்கிறோம். ஆரம்பத்தில் நான் இதை ஒயிட் பேலன்ஸில் சரிசெய்யப் பார்த்தேன். தாடை தேறும்போது நெற்றி ஊதாவாகிவிடும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கோளாறை படம் முழுவதற்குமான ஸ்லைடரால் தீர்க்க முடியாது. அப்புறம் ஃபோட்டோஷாப்பில் Color லேயர் முறைக்கு வந்தேன். ஐந்து வருடமாக இதுதான் என் முதல் கருவி. அதன் நல்லதும் கெட்டதும் இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில், பலரும் தடுமாறும் ஓர் இடம். படத்தில் பச்சை அடிக்கிறது என்றதும் Hue/Saturation திறந்து Greens-ஐத் தேர்ந்தெடுத்து ஸ்லைடரை இழுப்பார்கள். தோலில் ஒன்றுமே நடக்காது. தோலிலேயே சிவப்பு நிறைய இருப்பதால், அதன்மேல் பச்சை வெளிச்சம் விழுந்தால் கிடைப்பது பச்சை இல்லை, மஞ்சள். நம் கண்ணுக்கு அது பச்சையாகத் தெரிவது பக்கத்தில் சரியான தோல் நிறம் இருப்பதால்தான்.

சமீபத்தில் செய்த ஒரு படத்தில் Info பேனலை HSB-க்கு மாற்றி அளந்தேன். எந்த நிறம் என்பதைக் காட்டும் H மதிப்பு நெற்றியில் சுமார் 20. சுவர்ப் பக்கத் தாடையில் 50. ஃபோட்டோஷாப்பில் Greens வரம்பு 75-க்கு மேல்தான் தொடங்குகிறது, ஆகவே அந்தத் தாடை அதற்குள் வரவே வராது. Yellows-ஐ எடுத்து Hue-ஐ −25 வைத்ததும் தாடை 25-க்கு இறங்கியது. ஆனால் பச்சை மெல்ல மங்கி நெற்றி நிறத்தோடு சேரும் கன்னப் பகுதி, முன்பு 30-லிருந்து 40 வரை இருந்தது, 18, 19 என்று நெற்றியில் முதலில் அளந்த 20-ஐயும் தாண்டிச் சிவந்துவிட்டது. நடுவில் இன்னும் கொஞ்சம் மஞ்சள், அதைச் சுற்றி ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. தோலில் கசிவு படிப்படியாகக் குறைகிறது, ஸ்லைடரின் வேகம் அதோடு ஒத்துப்போவதில்லை. அதனால் Hue/Saturation-ஐ இப்போது லேசான கசிவுக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

Color லேயர் இதில் எங்கே உதவுகிறது என்றால், அது நிறத்தைத் தேடித் தள்ளுவதில்லை, நாம் கொடுக்கும் நிறத்தை வைக்கிறது. படத்துக்கு மேல் ஒரு காலி லேயர், அதன் கலப்பு முறை Color. நல்ல தோலிலிருந்து நிறத்தை எடுத்து, மிருதுவான பிரஷில் Flow 10% அளவில் கெட்டுப்போன இடத்தில் மெல்ல மெல்லப் பூச வேண்டும். கீழே இருக்கும் வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்பதால் தோலின் துளைகளும் பூனை முடியும் கெடுவதில்லை.

எந்த இடத்து நிறத்தை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் ஒரு வருடம் நான் நெற்றியிலிருந்து எடுத்தேன். பளிச்சென்று தெரிவதால் அதுதான் சரியான தோல் என்று நினைத்தேன். தாடை நிழலில் பூசியதும் பச்சை போய், சுட்ட செங்கல் மாதிரி ஒரு நிறம் வந்தது. Color முறை நாம் கொடுத்த நிறத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் கீழே இறக்குகிறது. இடைவெளி மாறாமல் வெளிச்சம் குறைந்தால் நிறத்தின் அடர்த்தி கூடும். நெற்றியில் 36% இருந்த S மதிப்பு தாடையில் 41% ஆகிவிட்டதைப் பேனலே காட்டியது. இப்போது மறுபக்கக் கழுத்தின் நிழலிலிருந்து, ஏறக்குறைய அதே வெளிச்சம் உள்ள இடத்திலிருந்து எடுக்கிறேன். வெளிச்சம் மாறும் ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாக எடுக்கிறேன். ஒரே நிறத்தைக் கன்னம், காது, கழுத்து என்று எல்லா இடத்திலும் பூசினால் மெழுகுப் பொம்மைதான் வரும். காது இயல்பாகவே கொஞ்சம் சிவந்திருக்கும், அது அப்படியே இருக்கட்டும்.

பூசி முடித்ததும் லேயரின் Opacity-ஐ 70 அல்லது 80-க்கு இறக்குகிறேன். பின்னால் பச்சைச் சுவர் தெரியும்போது முகத்தில் துளிகூடப் பச்சை இல்லையென்றால், ஆளை வெட்டி ஒட்டியது போல இருக்கும். இன்னொன்று, சுவரிலிருந்து வந்தது நிறம் மட்டுமல்ல, வெளிச்சமும்தான். நிறம் போன பிறகும் அந்தப் பக்கத் தாடை தேவைக்கு மேல் வெளுத்திருந்தால் அதே இடத்தில் ஒரு Curves லேயரைப் போட்டுக் கொஞ்சம் இறக்கினால் தாடையின் வளைவு திரும்பக் கிடைக்கும்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Hue/Saturation லேயர் வைத்து Saturation-ஐ +60 ஆக்குகிறேன். விடுபட்ட பச்சைத் திட்டுகளும் அதிகம் பூசிய ஆரஞ்சுத் திட்டுகளும் உடனே பல்லைக் காட்டும். பார்த்துவிட்டு அதை அணைத்துவிட வேண்டும். இருபது நிமிடம் அதே முகத்தைப் பார்த்தால் கண் பச்சைக்குப் பழகிவிடுகிறது, இந்தச் சோதனை இல்லாமல் நான் படத்தை அனுப்புவதில்லை.

தலைமுடியில் இதே முறை வேறு மாதிரி நடந்துகொள்ளும். கறுப்பு முடியின் பளபளப்பில் ஏறிய பச்சையை, அதே தலையின் மறுபக்கப் பளபளப்பிலிருந்து எடுத்த நிறத்தால் மூடலாம். அவசரத்தில் Saturation-ஐ மொத்தமாகக் குறைத்தால் முடி சாம்பலாகி உயிரில்லாமல் போகும். கறுப்பு முடியிலும் ஒரு பழுப்புச் சாயல் உண்டு. நரைமுடிதான் கடினம், வெள்ளையாக இருப்பதால் சுவரின் நிறத்தை அப்படியே காட்டும். அங்கே ஒவ்வொரு இழையாக, சின்ன பிரஷில்தான் போக வேண்டியிருக்கிறது. ஓரத்தில் பறக்கும் இழைகளுக்கு நடுவே தெரியும் பச்சை பெரும்பாலும் கசிவே இல்லை, பின்னால் இருக்கும் சுவர் தெரிகிறது. அதை எடுத்தால் தலையைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் விழும். நான் அதைத் தொடுவதில்லை.

ஆரஞ்சுச் சட்டையிலிருந்து ஏறும் நிறம் வேறு கதை. அது தோலின் நிறத்துக்கு மிக அருகில் இருப்பதால் H மதிப்பு கொஞ்சம்தான் நகரும், அடர்த்திதான் எகிறும். கழுத்தில் S 60%-ஐத் தாண்டிய படங்கள் எனக்கு வந்திருக்கின்றன. இங்கே Hue-ஐத் திருகிப் பயனில்லை, Color லேயரில் அடர்த்தி குறைந்த நிழல் தோலின் நிறத்தைப் பூசினால் நன்றாகவே இறங்குகிறது. ஆனால் முதலில் சிவப்புச் சேனலைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே அது 255-ல் முட்டி வெறும் வெள்ளையாக இருந்தால், நிறத்தைச் சரிசெய்த பிறகும் அந்த இடம் தட்டையாக, பூசி மெழுகியது போலவே நிற்கும். ரா ஃபைல் இருந்தால் அங்கே திரும்பிப்போய் Exposure-ஐக் குறைத்து மறுபடி திறக்கிறேன், பாதிப் படங்கள் அதிலேயே தேறிவிடும். ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் பச்சைச் சேனலில் மிஞ்சியிருக்கும் தோலின் அமைப்பை Luminosity முறையில் மேலே வைத்து ஓரளவு ஒப்பேற்றலாம், பக்கத்தில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.