விலை குறைந்த அந்தக் குழாய்ப் பம்ப்: எடுக்கலாமா?

கல்லடியிலிருந்து நண்பன் ஒருவன் படம் அனுப்பிக் கேட்டிருந்தான்: “மச்சான், நீ சைக்கிள்ல கட்டிக்கொண்டு திரியிற பம்ப் இப்ப விலை குறைஞ்சிருக்கு. எடுக்கவா?” ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. அந்தப் பம்பில் எனக்குப் பிடித்ததும் கோபம் வருவதும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்ன பம்ப் என்பது படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சாண் நீள அலுமினிய உருளை, உள்ளே இழுத்து வைக்கும் றபர்க் குழாய், குழாயின் நுனியில் வால்வில் திருகிப் பூட்டும் பித்தளைத் தலை. சட்டத்தில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும். கடற்கரைக் காற்றில் இவ்வளவு காலம் கிடந்தும் துரு ஏறவில்லை, பிஸ்டன் இறுகவில்லை. அந்த வகையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குழாய் இருப்பதுதான் இதன் பெருமை. குழாய் இல்லாத சின்னப் பம்பை வால்வில் நேரே குத்திப் பிடித்து அடிக்கும்போது, ஒவ்வொரு இடிக்கும் கை ஆடும். அந்த ஆட்டம் முழுக்க வால்வின் அடியில் போய் விழும். நம்முடைய மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூபில் ஒட்டியிருக்கும் அந்த அடிப்பகுதி அப்படித்தான் கிழிகிறது. அங்கே கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, டியூபை எறிய வேண்டியதுதான். குழாய் இருந்தால் பம்பைத் தொடையில் ஊன்றியோ, கிலோமீட்டர்க் கல்லில் சாய்த்தோ எவ்வளவு வேகமாகவும் அடிக்கலாம், வால்வுக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பம்ப் வந்த பிறகு ஒரு டியூப்கூட எனக்கு வால்வடியில் கிழிந்ததில்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போய்த் திரும்பினால் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். பிறெவே என்கிற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தின் விதிப்படி 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் பதக்கத்துக்கு ஓடுவதில்லை, ஆனாலும் அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் விடியமுன் இறங்குவோம். கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் கடைக்குக் குறைவில்லை. திருக்கோவிலைத் தாண்டிச் சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கம் போனால்தான் வீதி தனித்துப் போகும். எனக்குப் பின்சக்கரம் இறங்கியதும் அங்கேதான்.

சடாரென்று இறங்கவில்லை. இருக்கைக்குக் கீழே சைக்கிள் நீந்துவதுபோல ஓர் ஆட்டம், பிறகு சின்னப் பள்ளத்தில் ரிம் ‘டக்’ என்று தரையைத் தொட்டது. மெதுவாக இறங்கும் பஞ்சர் என்றால் பெரும்பாலும் மெல்லிய கம்பி. வெடித்த லொறி டயர்களின் உள்ளே இருக்கும் எஃகு இழை பிய்ந்து வீதியோரத்தில் கிடக்கும். தலைமயிர் மொத்தம்தான் இருக்கும், நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை மணியில் அதுவும் இறங்கும்.

சங்கிலியைப் பின்னால் ஆகச் சின்னப் பல்லுக்கு மாற்றி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் பெயர் எழுதிய இடம் எப்போதும் வால்வுக்கு நேரே இருக்கும்படிதான் நான் டயர் பூட்டுவது. அழகுக்கு இல்லை. டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்தால், வால்விலிருந்து அது எத்தனை விரற்கடை தள்ளி என்று அளந்து, டயரிலும் அதே இடத்தைத் தேடலாம். டியூப் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று நினைவில்லாவிட்டால், வால்வுக்கு இரண்டு பக்கமும் அந்த அளவில் பார்த்தால் போதும்.

அன்றைக்குக் கச்சான் காற்று. ஓட்டையின் ‘உஸ்’ சத்தம் காதில் விழ வாய்ப்பே இல்லை. டியூபில் நன்றாகக் காற்றடித்து, எச்சில் தொட்ட உதட்டுக்கு அருகே மெல்லச் சுற்றிக்கொண்டு போனால் குளிர்ந்து ஊதும் இடம் பிடிபடும். ஓட்டை வெளிப்பக்கத்தில், ஒன்றே ஒன்று. பக்கத்தில் பக்கமாக இரண்டு இருந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடி டியூப் ரிம்மில் நசிந்தது என்று பொருள். ரிம் பக்கம் பார்த்து இருந்திருந்தால் ஸ்போக் துளைகளை மூடும் நாடா விலகியிருக்கும். ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

டயருக்குள் வெறும் விரலை விட வேண்டாம், கிழிக்கும். பருத்தித் துணியால் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டு போனால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளிருந்து நகவெட்டியால் பிடித்து இழுத்தபோது கறுத்த இழையொன்று வந்தது.

புது டியூபுக்கு உருண்டை பிடிக்கும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே போட்டேன். டயரை ரிம்முக்குள் தள்ளும் வேலையை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்காது. மற்ற இடமெல்லாம் இறங்கி நின்றால், கடைசித் துண்டு லீவர் இல்லாமல் கையாலேயே ஏறிவிடும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, டயருக்கடியில் டியூப் நசிந்து நிற்கவில்லை என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்கினேன்.

இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயரைச் சின்னப் பம்பால் ஓடக்கூடிய அளவுக்கு நிரப்ப இருநூறு இடிக்கு மேல் வேண்டும். கடைசி இடிகளுக்கு உடம்புப் பாரத்தைப் போட வேண்டும், பித்தளைத் தலை கையால் தொட முடியாமல் சுடும். அப்படி அடித்து முடித்து, வியர்வை கண்ணுக்குள் இறங்க, குழாயைத் திருகிக் கழற்றினேன்.

புஸ்ஸ்ஸ். வால்வின் நடுத்தண்டு குழாயோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. ஒரு மூச்சில் டயர் தட்டை.

இதற்குக் காரணம் எளிது. நடுத்தண்டு வால்வுக்குள் மரையில் பூட்டியிருக்கிறது. அதன் தலையில் குழாய் இன்னொரு மரையில் பூட்டுகிறது. இரண்டும் ஒரே திசையில் கழலும். அடிக்க அடிக்க அழுத்தம் ஏறிக் குழாயின் உள்ளே இருக்கும் றபர் வாசர் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது எது இளகலோ அதுதான் முதலில் திரும்பும். புது டியூபில் தொழிற்சாலையில் பூட்டிய தண்டு பல நேரம் விரலால் திருப்பும் அளவுக்கு இளகல். கூட வந்தவன் வேறு, “அண்ணே, வாயால ஊதிப் பாப்பமா?” என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மோட்டர்சைக்கிளில் வந்த அக்கரைப்பற்று நானா ஒருவர் நிறுத்தினார். “என்ன தம்பி, காத்துப் போயிட்டா? என்ன வேணும்?” குறடு இருக்குமா என்று கேட்டேன். இருக்கையைத் தூக்கி எடுத்துத் தந்தார். குழாயிலிருந்து தண்டைப் பிடுங்கி, வாயால் ஊதி மணலைப் போக்கி, வால்வில் வைத்துக் குறடால் மெதுவாக இறுக்கினேன். கூட இறுக்கினால் பித்தளை மரை போய்விடும். விரலால் முடிந்த மட்டும் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுப் போதும். மறுபடி இருநூறு இடி. நானா அதுவரை நிழல் மறைத்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார்.

குறடு இல்லாமல் நின்றால் ஒரு வழி இருக்கிறது. தண்டு குழாயில் மாட்டியபடியே இருக்கட்டும். அதை அப்படியே வால்வில் வைத்துப் பித்தளைத் தலையைப் பலமாகத் திருகினால் தண்டும் சேர்ந்து இறுகும். அடித்து முடிந்ததும் தலையில் இருக்கும் குட்டிப் பொத்தானை அழுத்திக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே விட்டுவிட்டு, பிறகு கழற்ற வேண்டும். வாசரின் பிடி விட்டுப்போகும். பத்துக்கு ஏழெட்டுத் தரம் வேலை செய்யும். உங்கள் பம்பில் பொத்தான் இல்லை என்றால் உங்கள் பாடு.

ஆகவே நீண்ட ஓட்டத்துக்கு முதல்நாள் நான் பார்ப்பவற்றில் முதலிடம் இப்போது வால்வுக்குத்தான். தண்டில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருந்தால் அது கழலும் வகை. கைமாற்று டியூப் உட்பட எல்லாவற்றையும் வால்வுச் சாவியால் இறுக்கி வைப்பேன். சாவி சின்ன பிளாஸ்டிக் துண்டு, ஒட்டுப் பெட்டிக்குள் கிடக்கும். உருண்டையாக, சீவல் இல்லாமல் இருந்தால் கழலாத வகை, கவலையில்லை. கடையில் கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.

அடுத்தது, பின்னேரமே இரண்டு டயருக்கும் வீட்டில் பெரிய பம்பால் முழுக் காற்று அடித்து வைப்பது. விடிய எழும்பி அமத்திப் பார்க்கும்போது ஒன்று மட்டும் மெத்தென்று இருந்தால் கம்பியோ முள்ளோ ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதைச் சங்கமன்கண்டியில் தேடுவதைவிட வீட்டு வாசலில் விளக்கு வெளிச்சத்தில் தேடுவது மேல். பிரேக் கட்டை, சக்கர அச்சின் இறுக்கம், சங்கிலி எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். ஒட்டுப் பசையை மட்டும் திறந்து பாருங்கள். ஒருமுறை திறந்த பசை நம்முடைய வெயிலில் மூடியோடேயே காய்ந்துவிடும்.

பிரெஸ்டா வால்வில் பூட்டும் பித்தளைச் சுரை ஒன்றும் பையில் கிடக்கட்டும். அது இருந்தால் மோட்டர்சைக்கிள் பஞ்சர்க் கடையிலும் பெட்ரோல் செட்டிலும் காற்றடிக்கலாம். திருக்கோவிலில் எனக்கு அதுதான் கைகொடுத்தது. கொம்பிரசர்க்காரத் தம்பியிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். சைக்கிள் டியூபுக்குள் போகும் காற்று மிகக் குறைவு, ஒரே அழுத்தில் வெடித்துவிடும்.

சரி, நண்பனின் கேள்வி. இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: எடுக்காதே. இருநூறு இடிக்குப் பிறகு அந்தப் ‘புஸ்’ சத்தத்தைக் கேட்டவனுக்கு விலை குறைந்தது பெரிய விஷயமாகத் தெரியாது. உருளை நல்லது, குழாய் நல்லது, தலையைத் திருகுகிற மாதிரிச் செய்தவனைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நெம்பிப் பூட்டும் தலையோடு குழாய் வைத்த பம்ப் வேறு இருக்கிறது, கொஞ்சம் விலை கூட, அதைப் பார். அது தண்டைத் திருப்பாது.

என்னுடையதைக் கேட்டு வராதே, நான் தரமாட்டேன். அடுத்த பொத்துவில் ஓட்டத்துக்கும் அதுதான் வரும். வாசர் தேய்ந்துவிட்டது, காத்தான்குடிப் பக்கம் அந்த அளவில் வாசர் விற்கும் கடை தெரிந்தால் சொல்லு.