வேலை மாறினார் என்ற அறிவிப்பு வந்தால் அன்றே எழுதாதீர்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி மில்களுக்குக் காற்றழுத்தக் கம்ப்ரஸர் விற்பதும் சர்வீஸ் செய்து கொடுப்பதும் என் வேலை. ஒரு மில் கம்ப்ரஸர் வாங்கினால் அடுத்தது வாங்கப் பத்து வருடம்கூட ஆகும். இடைப்பட்ட காலத்தில் பராமரிப்பு மேலாளரிடம் பேச எனக்கு என்ன காரணம் இருக்கிறது? “சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் சார்” என்று எத்தனை தடவை சொல்வது? அந்தச் சங்கடத்தில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன், மில் செய்தியோ மேலாளரின் வேலை மாற்றமோ வந்தால் எனக்குத் தெரிவிக்கும் அலர்ட் வைக்கத் தொடங்கினேன்.

முதல் மாதம் என் அலர்ட் எல்லாம் குப்பை. கூகுள் அலர்ட்ஸில் மில்லின் பெயரை மட்டும் போட்டுவிட்டேன். நம் ஊர் மில்களில் பாதி சாமி பெயரில் இருப்பவை. கும்பாபிஷேகம், கல்யாண மண்டபம், அதே பெயரில் ஒரு நகைக்கடை எல்லாம் வந்து குவிந்தன. பிறகுதான் பெயரை மேற்கோள்குறிக்குள் அடைத்து, ஊரையும் சேர்த்து, வேண்டாதவற்றைக் கழித்தேன்:

```
"மில்லின் முழுப் பெயர்" Dindigul (expansion OR "new unit" OR looms) -jobs -temple
```

OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. தமிழ்ச் செய்திகளுக்குத் தமிழிலேயே தனியாக ஓர் அலர்ட் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வாரம் ஒரு முறை வந்தால் எனக்குப் போதும். மில் விரிவாக்கம் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிகிற காரியமல்ல.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மில்களுக்குச் செய்தித்தாளைவிட நல்ல இடம் இருக்கிறது. செபியின் விதிப்படி முக்கிய நிகழ்வுகளை அவர்கள் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். உயர் நிர்வாகத்தில் ஒருவர் விலகினால் அவருடைய ராஜினாமாக் கடிதமே, விலகல் நடைமுறைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் அங்கே போய்விடுகிறது. ஆனால் பராமரிப்பு மேலாளர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். எனக்கு வேண்டியவர் அவர்தான். அவருக்கு லிங்க்ட்இன்னை விட்டால் வழியில்லை.

லிங்க்ட்இன்னில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலை மாறிய விவரத்தைப் பதிவிடும்போது Notify network என்ற பொத்தானை அவர் இயக்கியிருந்தால்தான் நமக்கு அறிவிப்பு வரும். அதைவிட, மில் ஆட்கள் வேலை மாறிய அன்றே பதிவிடுவதில்லை. புது இடம் பிடித்துப்போன பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மாற்றுகிறார்கள். சிலர் பழைய வேலையை இப்போது சேர்ப்பார்கள். அதுவும் புது வேலை போலவே வந்து நிற்கும். எனவே வாழ்த்துமுன் அவர் பக்கத்தைத் திறந்து, சேர்ந்த மாதத்தைப் பார்த்துவிடுகிறேன். கட்டணச் சேவையான சேல்ஸ் நேவிகேட்டரில் 90 நாட்களுக்குள் வேலை மாறியவர்களைத் தனியாக வடிகட்டலாம். ஒரு வருடம் கட்டினேன், பிறகு நிறுத்திவிட்டேன். என்னைப் போல அறுபது எழுபது பேரை மட்டும் பின்தொடர்பவருக்கு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையால் பார்ப்பதே போதும்.

இனி நடந்த கதை. பல்லடம் பக்கம் ஒரு நெசவு ஆலையில் எனக்கு எட்டு வருடப் பழக்கமுள்ள மேலாளர் ஒருவர் இருந்தார். திண்டுக்கல் அருகே வேறு ஆலைக்கு மாறிவிட்டார் என்று அறிவிப்பு வந்தது. அந்த நிமிடமே அவருடைய கைப்பேசிக்கு வாழ்த்து அனுப்பினேன். கூடவே, “புது இடத்திலும் நம் கம்ப்ரஸர்தான் வேண்டும் சார்” என்று ஒரு வரி. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “நான் அவருக்குப் பதிலாக வந்திருக்கிறேன். நீங்கள் யார்?”

அது கம்பெனி சிம். வேலையை விட்டவர் அதை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் என்னைப் பற்றி அறிந்த முதல் செய்தி, முந்தையவரின் ஆள் நான் என்பது. அந்த ஆலையில் மறுபடி கால் வைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. இப்போது யாரைச் சந்தித்தாலும் சொந்த எண்ணை வாங்கித் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தவறுதான் எனக்கு ஒன்றைக் காட்டியது. ஒருவர் நாற்காலி மாறினால் இரண்டு நாற்காலிகளில் புது ஆள் உட்காருகிறார். போனவருக்கு வாழ்த்து எழுதுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். காலியான இடத்துக்கு வந்தவரை மறந்துவிடுகிறோம். அவருக்குத்தான் என்னிடமிருந்து ஏதாவது தேவை. எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, காற்றை அழுத்தும் பாகமான ஏர் எண்டை எதில் எப்போது பிரித்தோம் என்ற வரலாறு பெரும்பாலும் போனவரின் தலையோடு போயிருக்கும். என்னிடம் அது சர்வீஸ் ரிப்போர்ட்டாக இருக்கிறது. அதைக் கோப்பாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை.

போனவரிடம் கதை வேறு. முதல் வாரம் வெறும் வாழ்த்து மட்டும், அதில் கம்ப்ரஸர் என்ற சொல்லே கிடையாது. அடுத்து ஐந்தாவது வார வாக்கில்தான் பேசுகிறேன். ஏன் ஐந்து வாரம்? புது இடத்தில் அவருக்கு அதற்குள் முதல் மின்கட்டண ரசீது கைக்கு வந்திருக்கும், எங்கே காசு போகிறது என்று முதலாளி கேட்டிருப்பார். திண்டுக்கல் மேலாளருக்கும், சொந்த எண்ணைத் தேடிப் பிடித்த பிறகு, அப்படித்தான் எழுதினேன்: “சார், ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது ஒரு மணி நேரம் கொடுங்கள். காற்று எவ்வளவு கசிகிறது என்று அளந்து சொல்கிறேன். பணம் வேண்டாம்.”

அளப்பது எளிது. தறி எதுவும் ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டு, எவ்வளவு நேரம் காற்றை நிரப்பும் லோடில் இருக்கிறது, எவ்வளவு நேரம் நிரப்பாமல் சும்மா சுற்றும் அன்லோடில் இருக்கிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். அங்கே லோடு 90 நொடி, அன்லோடு 210 நொடி. மொத்தம் 300 நொடியில் 90 என்றால் கம்ப்ரஸரின் திறனில் 30 சதவீதம் யாருக்கும் பயன்படாமல் கசிகிறது. காற்றை யாரும் எடுக்காதபோது அது நிரப்பிக்கொண்டிருப்பது கசிவைத்தானே! அன்று நான் எதையும் விற்கவில்லை. குழாய் இணைப்புகளைச் சரிசெய்யும் வேலை கிடைத்தது. இயந்திரம் அடுத்த வருடம்தான்.

கம்பெனிச் செய்திகளில் எதற்கு எழுதக் கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். புதுப் பிரிவு வருகிறது என்ற செய்தி வந்த மறுநாள் போனால், அங்கே வேலி போட்ட வெற்று நிலம்தான் இருக்கும். கட்டடம் எழும்பி, தறிக்கு ஆர்டர் போன பிறகுதான் எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்கே வரும். அதனால் செய்தியைப் படித்ததும் நாள்காட்டியில் நான்கு மாதம் தள்ளி ஒரு குறிப்பு எழுதிவிட்டு, அன்று வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். ஆட்குறைப்பு, வங்கிக் கடன் தகராறு, தீ விபத்து என்று வருபவற்றுக்கு விற்பனை பேச்சே கிடையாது. தீ விபத்தின்போது மட்டும் ஒரு மேலாளரிடம், “ஆட்கள் எல்லாரும் நலம்தானே சார்?” என்று கேட்டேன். அவரும் அரை மணி நேரம் பேசினார்.

இன்னொன்று, “ஆலோசகர்” என்று பதவி மாறியவர்கள். ஒருவருக்குப் புதுப் பொறுப்புக்கு வாழ்த்துகள் என்று உற்சாகமாக எழுதிவிட்டேன். அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள், வேறு கிடைக்கும்வரை அப்படிப் போட்டுக்கொண்டிருந்தார். நன்றி என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் வாழ்த்தை விட்டுவிட்டு, “தேநீர் குடிக்க எப்போது வரலாம் சார்?” என்று மட்டும் கேட்கிறேன். அப்படிச் சந்தித்தவர்களில் இரண்டு பேருக்கு, எந்த மில்லில் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. காலி இடமும் அலர்ட்டில் வந்ததுதான்.