கிலோவுக்கு 8 ரூபாய் குறைவு என்று வாங்கிய நூல்: திருப்பூரில் சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் படித்துவிடுங்கள்

போன வருஷம் நேவி ப்ளூ டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று எடுத்தேன். சுமார் 8,500 பீஸ், பீஸுக்கு 145 ரூபாய். 30ஸ் கோம்டு ஹோசியரி நூல் 2,000 கிலோ வேண்டும். வழக்கமாக எடுக்கும் மில்லில் கிலோ 285 சொன்னார்கள். அதே வாரம் ஓர் ஏஜென்ட் வேறொரு மில்லின் நூலை 277-க்குத் தருவதாக வந்தார். அதே கவுண்ட், அதே கோம்டு, மூன்று நாளில் டெலிவரி. 16,000 ரூபாய் மிச்சமாகும் என்று சரி சொல்லிவிட்டேன். ஆர்டர் முடிந்து கணக்குப் பார்த்தபோது 87,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருந்தது. மில் பெயரைச் சொல்லப் போவதில்லை. பணம் எந்த வழியில் போனது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த ஏஜென்ட் வேறு பெயரோடு உங்களிடம் வருவார்.

முதல் ஓட்டை, விலை பேசும்போதே என் கண்ணெதிரில் இருந்தது. பழைய மில் 30 நாள் கடன் கொடுக்கும். புது மில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டது. 5,54,000 ரூபாயை 12 சதவீத வட்டியுள்ள பேங்க் சிசி கடன் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினேன். ஒரு மாத வட்டி 5,540. கிலோவுக்கு 2 ரூபாய் 77 பைசா. 8 ரூபாய் மிச்சம் அப்போதே 5 ரூபாய் 23 பைசாவாக இறங்கிவிட்டது. இதைக் கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும், நான் போடவில்லை.

இரண்டாவது ஓட்டையைக் கண்டுபிடித்தது நிட்டிங் அண்ணன். அதற்கு முன்னால் அவர் மேல் நான் அநியாயமாகக் கோபப்பட்டேன். 2,000 கிலோ நூல் போட்டதற்கு சாயம் போடாத கிரே துணி 1,930 கிலோதான் வந்தது. நிட்டிங்கில் ஒரு சதவீதம், கொஞ்சம் கூடினால் ஒன்றரை சதவீதம் போகும். 70 கிலோ எங்கே என்று போனில் சத்தம் போட்டேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "நூல்ல தண்ணி இருக்குதுங்க தம்பி. ரெண்டு கோன் பிரிக்காம வெச்சிருக்கறேன், எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார்.

பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். அதனால் வியாபாரத்தில் நூல் எடைக்கு ஒரு வரையறை உண்டு: முழுக்கக் காய்ந்த நூல் 100 கிராம் என்றால், ஈரத்தோடு 108.5 கிராம் வரை விற்கலாம். இந்த 8.5 சதவீதம் நியாயமானது. மில்லில் நூலுக்கு நீராவி கொடுப்பதும் தேவையான வேலைதான், நூலுக்கு பலம் கூடும், நிட்டிங்கில் அறுந்து போவது குறையும். அந்த நீராவியை வேண்டுமென்றே அதிகமாக விட்டு, ஈரத்தோடு எடைபோட்டு மூட்டை கட்டினால், நூல் விலைக்குத் தண்ணீர் விற்றதாகிவிடும்.

அண்ணன் அந்தக் கோன்களை பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். கோயம்புத்தூர் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்து அடுப்பில் காயவைத்துப் பார்த்தபோது, 100 கிராமில் காய்ந்த நூல் 90 கிராம்தான். 90 கிராமுக்கு நியாயமான பில் எடை 97.65 கிராம். மீதி 2.35 கிராம் தண்ணீர். 2,000 கிலோவில் அது 47 கிலோ, 13,000 ரூபாய். வேறு மாதிரி சொன்னால், 277-க்கு வாங்கிய நூலின் உண்மையான விலை 283 ரூபாய் 67 பைசா. அதோடு வட்டி 2.77-ஐச் சேர்த்தால் 286-ஐத் தாண்டுகிறது. மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே பழைய மில் நூலைவிட இது விலை கூடிய நூல். பழைய மில் கோனையும் பிறகு டெஸ்ட் செய்தேன், ஈரம் 8.4 சதவீதம்தான் வந்தது. அண்ணனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. நூல் அடிக்கடி அறுந்து மெஷின் நின்றதால் நிட்டிங் கூலியில் கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன், அது 4,000. துணி டையிங் முடிந்து வந்தபோது நேவி ப்ளூவில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மெல்லிய இழைகள். பிபி, அதாவது உரச்சாக்கு, பிளாஸ்டிக் கோணிகளின் நார். பருத்தி எடுக்கிற இடத்திலும் ஜின்னிங்கிலும் அந்தச் சாக்குகளிலிருந்து பிய்ந்து பஞ்சோடு கலந்து, நூலுக்குள்ளேயே முறுக்கேறிவிடுகிறது. பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறாது. கிரே துணியின் வெளிறிய நிறத்தில் அது கண்ணுக்கே தெரியாது, கருநிறம் போட்டபின் பளிச்சென்று தெரியும். நல்ல மில்கள் பஞ்சுப் பிரிவிலேயே இதைப் பிடிக்கும் மெஷின் வைத்திருக்கின்றன, கோன் சுற்றும் இடத்திலும் மறுபடி பிடித்து அறுத்து எடுக்கின்றன. பழைய மில்லின் விலையில் அந்த வேலைக்கான கூலியும் இருந்தது.

எட்டுப் பெண்கள் நான்கு நாள் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கூலி 16,000. எடுத்த இடத்தில் சில சமயம் ஓட்டை விழும், அந்தத் துண்டையே தள்ள வேண்டியதுதான். அப்படிக் கட்டிங்கில் வழக்கத்தைவிட 60 கிலோ கூடுதலாக வேஸ்ட் போனது. அந்தக் கட்டத்தில் அது வெறும் நூல் இல்லை. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேர்ந்து கிலோ 400 ரூபாய் ஆகிவிட்ட துணி. 24,000 போனது. தாமதத்துக்காக பையர் பில் தொகையில் 2 சதவீதம் பிடித்து டெபிட் நோட் போட்டார், சுமார் 24,650. எல்லாம் சேர்த்துத்தான் அந்த 87,000. கிலோவுக்கு 43 ரூபாய்க்கு மேல்.

மில்லைக் கேட்டால் பில்லின் பின்புறத்தைக் காட்டினார்கள். நூலாக இருக்கும் வரைதான் புகார், துணியான பிறகு பொறுப்பில்லை என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் பிபி தெரிவதே சாயம் போட்டபின்தான். எத்தனை பேர் அந்தப் பின்பக்கத்தைப் படித்திருப்போம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது புது மில் நூல் என்றால் முதலில் ஒரு மூட்டை மட்டும் வாங்குகிறேன். வந்த அன்றே, மூட்டையின் நடுவிலிருந்து இரண்டு கோன் எடுத்து, பாலித்தீனில் கட்டி ஈரம் பார்க்கக் கொடுக்கிறேன். கிடங்கில் நாலு நாள் கிடந்தால் ஈரம் பறந்துவிடும், பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. மீதியில் ஒரு ரோல் ஓட்டி, கருநீலம் அல்லது கறுப்புச் சாயம் போட்டுப் பார்க்கிறேன். இதற்கு ஒரு வாரமும் சில ஆயிரம் ரூபாயும் ஆகும். அவசர ஆர்டரில் இதற்கு நேரமிருக்காது, அப்போது தெரியாத மில்லைத் தொடுவதே இல்லை.

விலை குறைந்த நூல் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. துணி வெள்ளையாகவே போகிறது என்றால் வெள்ளை பிபி தெரியாது, அங்கே 277 ரூபாய் நூல் கட்டுப்படியாகலாம். ஆனால் அதிலும் கலர்ச் சாக்கு நார் வந்தால் மாட்டிக்கொள்வோம், ஈரமும் வட்டியும் எந்த நிறத்திலும் அப்படியேதான் இருக்கும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் "எடை 8.5 சதவீத ஈரத்துக்கு" என்று ஒரு வரியும், சாயமிட்ட துணியில் பிபி வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். பழைய மில் இரண்டையும் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு கோனை லேபிளோடு, சரக்கு பையரிடம் போய்ச் சேரும்வரை பிரிக்காமல் வைத்திருங்கள்.