ஏஐ எழுத்துக் கருவி: ஒரு வருடம் சந்தா கட்டிய பிறகு

சந்தா விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். ஒரு வருடமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றின் பதிவுகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டமிடுவதற்கு உண்மையிலேயே அருமை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைப் பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு மொத்தமாகக் கொடுத்தேன். அடியில் கசடு ஏன், நல்லெண்ணெயில் கருப்பட்டி ஏன், குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா என்று ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்று அடுக்கிக் கொடுத்துவிட்டது. எனக்கு முழு நாள் பிடிக்கிற வேலை அது.

ஆனால் பதிவையும் அதையே எழுதச் சொன்னால்தான் எரிச்சல். மார்கழிக்குத் திட்டமிட்ட பதிவில் "உறைவதே தூய்மைக்குச் சான்று" என்று எழுதியிருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், சரி. சுத்திகரித்த தேங்காய் எண்ணெயும் அப்படித்தான் உறையும், கலப்படத்துக்குச் சேர்க்கிற பனைப் பருப்பு எண்ணெயும் உறையும். அப்புறம் உறைவது எதற்குச் சான்று? அதை நம்பி வெளியிட்டிருந்தால், விஷயம் தெரிந்த ஒரே ஒரு வாடிக்கையாளர் போதும், கடையின் பெயர் போயிருக்கும். இன்னொரு பதிவில் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று வந்தது. அப்படி விளம்பரம் செய்வதை, மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் வருடத்துச் சட்டமே தடுக்கிறது.

மொழி அதைவிட மோசம். கடைக்கார அக்கா எழுதிய 20 பழைய பதிவுகளைக் காட்டி, இதே மாதிரி எழுது என்றேன். எல்லா வரியிலும் "வாங்க" சேர்த்ததுதான் மிச்சம். அக்கா "வெயில் சரியா இல்ல, இந்த வாரம் கடலை எண்ணெய் தெளியல, அடுத்த வாரம் வாங்கிக்கோங்க" என்று எழுதுகிறவர். கருவி ஒருநாளும் இல்லை என்று சொல்லாது, எப்போதும் விற்கத்தான் பார்க்கும். "இது வெறும் எண்ணெய் அல்ல, பாரம்பரியம்" என்று அது கொடுத்த வரியைப் பக்கத்து ஊர்க் கடையின் பதிவில் அப்படியே பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று.

இப்போது அட்டவணை மட்டும் அதனிடம் வாங்குகிறேன். ஒவ்வொரு தலைப்புக்கும் அக்கா இரண்டு நிமிடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார், அவர் சொன்ன சொல்லை வைத்தே நான் எழுதுகிறேன். எழுதியதில் எண், நோய், "சுத்தம்" என்ற சொல், இந்த மூன்றில் எது வந்தாலும் அடிக்கோடு போட்டு அவரிடம் திருப்பி அனுப்புவேன், அவர் சரி என்றால்தான் போகும். போன மாதம் கசடு பற்றிய பதிவு இப்படி வந்ததுதான். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் போன் செய்து சந்தேகம் கேட்டார்கள், அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அட்டவணை விஷயத்தில் அதன் மேல் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் தோழியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன், நானும் இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். அந்த உறைகிற எண்ணெய் வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.