ஒரே உடம்பு, இரண்டு சூத்திரங்கள்: என் 48,000 ரூபா போன கதை

சில நாட்களுக்கு முன்புதான் கணக்குப் பார்த்து முடித்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மட்டக்களப்பு நகரில் உள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன் 48,000 ரூபா கட்டினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. புதிய இயந்திரங்களும் சுவர் முழுக்கக் கண்ணாடியுமாக அண்மையில் திறக்கப்பட்ட ஜிம் என்று மட்டும் சொல்கிறேன். இதேபோன்ற ஒரு திட்டத்தில் சேரக் காத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொன்ன திட்டம் இதுதான். 12 வாரங்களில் உடற்கொழுப்பு 6 சதவீதப் புள்ளிகள் குறையும். குறையாவிட்டால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பற்றுச்சீட்டின் பின்புறத்திலேயே இதை எழுதிக் கையொப்பமும் வைத்துத் தந்தார்கள். எழுத்தில் தருகிறவன் ஏமாற்றமாட்டான் என்று நம்பினேன்.

உண்மையில் என்னை நம்பவைத்தது அந்தக் கையொப்பம்கூட அல்ல, கலிப்பர்தான். பாடசாலை ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கிமானி பிடித்துப் பழகியவன் நான். பயிற்றுநர் அதேபோல் ஒரு கருவியை எடுத்து, என் மேற்கையின் தோலைக் கிள்ளித் தூக்கி, கவ்வவைத்து, மில்லிமீற்றரில் எண்ணை வாசித்தபோது, இது அறிவியல், இதில் பொய்க்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேற்கையின் முன்புறம் 8, பின்புறம் 14, தோள்பட்டை எலும்புக்குக் கீழே 22, இடுப்பெலும்புக்கு மேலே 24. கூட்டினால் 68. கணினியில் தட்டினார். “24.8 சதவீதம் அண்ணா. 18க்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்றார். என் வயது 38, நிறை 81 கிலோ. எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதித் தந்தார். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது மட்டுமே இந்த மூன்று மாதங்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

12 வாரங்கள் ஒழுங்காகப் போனேன். போன வாரம் இறுதி அளவீடு நடந்தது. பயிற்றுநர் வேறொருவர். மார்பில் 15, தொப்புளுக்கு அருகே 26, தொடையின் முன்புறம் 16, கூட்டுத்தொகை 57 என்று எழுதினார். கணினி காட்டியது 18.0 சதவீதம். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்து நின்றேன், அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

வீட்டில் மனைவி கேட்ட ஒரே கேள்வி: “கொழுப்புப் போயிருந்தால் பெல்ட் ஏன் பழைய துளையிலேயே இருக்கிறது?” நிறையும் 80.4 கிலோதான். அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். தொடக்கத்தில் 81 கிலோவில் 24.8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 20.1 கிலோ கொழுப்பு, மீதி 60.9 கிலோ. இப்போது 80.4இல் 18 சதவீதம் என்றால் 14.5 கிலோ கொழுப்பு, மீதி 65.9 கிலோ. அவர்கள் எழுதித் தந்தது உண்மையானால் 12 வாரங்களில் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் கொழுப்பைக் கரைத்து, அதே வேளையில் 5 கிலோ தசையையும் நான் வளர்த்திருக்க வேண்டும். சட்டை தோளில் இறுகவில்லை, இடுப்பில் தளரவில்லை. அந்த 5 கிலோ எங்கே ஒளிந்திருக்கிறது?

இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினேன். மனைவியின் அண்ணன் அங்கே உடற்கல்வி ஆசிரியர். அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: “மச்சான், முதல் அட்டையில் நான்கு இடங்கள், இரண்டாவதில் மூன்று இடங்கள். அதில் உள்ள ஓர் இடம்கூட இதில் இல்லை. இரண்டு வேறு சூத்திரங்கள். இந்த இரண்டு விடைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கலிப்பர் கொழுப்புச் சதவீதத்தை அளப்பதில்லை. கிள்ளிய இடத்தில் இரட்டையாக மடிந்த தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. சூத்திரம் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறை பார்த்து, அவர்களுடைய உடலின் அடர்த்தியைக் கண்டார்கள். அதே ஆட்களின் தோல்மடிப்புகளையும் அளந்து, கூட்டுத்தொகை இவ்வளவு என்றால் அடர்த்தி பெரும்பாலும் இவ்வளவு என்று ஒரு கோட்டை வரைந்தார்கள். ஒவ்வொரு கோடும் அதற்குரிய இடங்களுக்கும் அளக்கப்பட்ட மக்களுக்கும் மட்டுமே சொந்தம்.

முதல் அட்டைக்குப் பயன்பட்டது டர்னினும் வொமர்ஸ்லியும் கிளாஸ்கோவில் அளந்து 1974இல் வெளியிட்ட சூத்திரம். இரண்டாவது, ஜாக்சனும் பொலக்கும் 1978இல் அமெரிக்க ஆண்களுக்காக வெளியிட்டது. S என்பது கூட்டுத்தொகை, A வயது, D அடர்த்தி. முதல் வரி 30 முதல் 39 வயது வரையான ஆண்களுக்கு உரியது. கடைசி வரி சிரி என்பவருடையது, அடர்த்தியைச் சதவீதமாக்குவது.

```
D = 1.1422 - 0.0544 × log10(S)
D = 1.10938 - 0.0008267×S + 0.0000016×S² - 0.0002574×A
% = 495 / D - 450
```

கடைசி வரியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பில்லாத உடலின் அடர்த்தி 1.1 என்று அது எடுத்துக்கொள்கிறது. 495ஐ 1.1ஆல் வகுத்தால் 450, எனவே கொழுப்பு பூச்சியம். 0.9ஆல் வகுத்தால் 550, எனவே நூறு சதவீதம். என்னுடைய 68ஐ முதல் வரியில் இட்டால் அடர்த்தி 1.0425, அதாவது 24.8. இரண்டாவது அட்டையின் 57ஐ அடுத்த வரியில் இட்டால் 1.0577, அதாவது 18.0. கூட்டலிலோ வகுத்தலிலோ ஒரு பிழையும் இல்லை. ஏமாற்று நடந்த இடம் கணக்குக்கு வெளியே இருக்கிறது.

பிறகு அவர் என்னை நிற்கவைத்து அளந்தார். முதலில் துவாயால் வியர்வையைத் துடைத்தார். நம்முடைய வெக்கையில் ஈரத்தோல் விரலிலிருந்து வழுக்கிவிடும், மடிப்பு முழுமையாக வராது. உடற்பயிற்சி முடித்த கையோடு அளப்பதும் தவறாம். தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே நாடா பிடித்துப் பேனையால் புள்ளி வைத்தார். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மடிப்பைத் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, விரலுக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே கலிப்பரைக் கவ்வவிட்டு, இரண்டு விநாடி கழித்து வாசித்தார். ஓர் இடத்தை அடுத்தடுத்துக் கிள்ளவில்லை, அழுத்தப்பட்ட கொழுப்பு மீள நேரம் வேண்டும் என்று எல்லா இடங்களையும் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாம் சுற்று வந்தார். ஜிம்மில் புள்ளியும் வைக்கவில்லை, இரண்டாம் சுற்றும் போகவில்லை. அது எனக்கு அப்போது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

முடிவு இதுதான். பழைய நான்கு இடங்களின் கூட்டுத்தொகை 66. அது 24.5 சதவீதம். புதிய மூன்று இடங்களின் கூட்டுத்தொகை 58. அது 18.3 சதவீதம். ஒரே ஆள், ஒரே கை, ஒரே மாலை, ஒரே கருவி. இரண்டு விடைகளுக்கும் இடையே ஆறு புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம்! அவர்கள் குறைத்துக் காட்டுவதாகச் சொன்ன அந்த ஆறு புள்ளிகள் சூத்திரத்தை மாற்றியதில் வந்தவை. 12 வாரங்களில் உண்மையில் குறைந்தது 24.8இலிருந்து 24.5. அந்த 0.3கூட கை தடுமாறினால் வந்துபோகிற அளவு. அதற்குக் கொடுத்தது 48,000 ரூபா.

இதில் எது சரி என்று கேட்டேன். இரண்டுமே மதிப்பீடு, நன்றாக அளந்தாலும் மூன்று நான்கு புள்ளிகள் முன்பின் இருக்கும், இரண்டும் நம் மக்களை அளந்து செய்தவை அல்ல என்றார். டர்னின் சூத்திரத்தில் வயதுக் கட்டங்கள் உண்டு. எனக்கு 40 வயது ஆகும் நாளில், உடம்பு ஒரு மில்லிமீற்றரும் மாறாமல், அதே 68 அடுத்த கட்டத்தில் 28.9 ஆகிவிடுமாம். ஆகவே ஒரே இடங்களின் மில்லிமீற்றர் கூட்டுத்தொகை கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி என்பது அவருடைய கருத்து. என்னுடையது 68இலிருந்து 66. அவ்வளவுதான்.

மறுநாள் ஜிம்முக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை, “அது கணினி தந்த விடை சேர், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்றது. பயிற்றுநர், “நல்ல முடிவுதானே வந்திருக்கிறது அண்ணா, எதற்குச் சண்டை?” என்றார். முதலில் அளந்தவரைக் கேட்டேன், அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். முதலாளி கொழும்பில் என்றார்கள். மூன்று நாட்கள் அழைத்தும் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தவர் அமைதியாகச் சொன்னார்: “தம்பி, ஆறு குறையும் என்று எழுதினோம், 6.8 குறைந்திருக்கிறது. எந்தச் சூத்திரம் என்று நாங்கள் எழுதித் தரவில்லையே.” அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவானது. தெரியாமல் செய்த பிழை என்றால் இப்படி ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்திருக்காது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த இடங்கள், எந்தச் சூத்திரம் என்று பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள். சதவீதத்தை மட்டும் எழுதிய அட்டையை ஏற்காதீர்கள், ஒவ்வோர் இடத்தின் மில்லிமீற்றரும் வேண்டும். முதலில் அளந்தவரே இறுதியிலும் அளக்கவேண்டும் என்று கேளுங்கள். நிறையையும் இடுப்புச் சுற்றளவையும் நீங்களே வீட்டில் குறித்துவையுங்கள்.

நாளை காலை இரண்டு அட்டைகளின் பிரதிகளையும் பற்றுச்சீட்டையும் கொண்டு மீண்டும் போகிறேன். 48,000 ரூபா. ஒரு சதமும் குறையாமல் கேட்பேன்.