நெல்லைச் சமையல் பக்கத்துக்கு ஐந்து பெயர்கள்: காதால் கேட்டதைக் கை தட்டுமா?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி இன்ஸ்டாகிராமில் சமையல் பக்கம் தொடங்கப் போகிறார். சைவச் சமையல் மட்டும்தான். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல் என்று நெல்லை வீடுகளில் பரம்பரையாகச் செய்து வருபவை. பக்கத்தின் பயனர்பெயருக்கு வீட்டில் ஐந்து யோசனைகள் வந்தன: anjaraipetti, aattukkal, nellaiaachi, nellaisodhi, nellaikaimanam. ஐந்துமே சாப்பாட்டையும் பழமையையும் ஒருசேரச் சொல்கின்றன. ஆகவே பொருளை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது. ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் அதைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டும்போதுதான் இவை பிரிகின்றன.

பிழை எங்கே நுழைகிறது என்பது நம் எழுத்திலக்கணத்திலேயே இருக்கிறது. வல்லினம்தான் முதல் தொல்லை. ‘த’ ஒருவருக்கு t, இன்னொருவருக்கு th, மூன்றாமவருக்கு d அல்லது dh. ‘ச’ என்றால் s, ch இரண்டும் உண்டு. வல்லினம் இரட்டித்தால் இன்னும் மோசம்: pp போடுவதா, ஒரு p போதுமா என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கிறார்கள். நெடில் வந்தால் aa என்றும் a என்றும் இரண்டு வழி. இடையினத்தில் ழகரம் தனிக்கதை. தமிழ்நாட்டில் zh போடுவோம், ஈழம் என்ற சொல்லையோ Eelam என்றே உலகம் எழுதுகிறது. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது மெல்லினமும், ழகரம் தவிர்த்த இடையினமும், குறில்களும். இந்த எழுத்துகளால் ஆன சொல்லை யார் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள்.

இந்த அளவுகோலை முதலில் anjaraipetti மீது வைத்துப் பார்க்கலாம். ஐந்தில் அழகான பெயர் இதுதான். கடுகும் சீரகமும் வெந்தயமும் மிளகும் கண்முன் வந்துவிடும். ஆனால் ‘றை’ என்பதைப் பேச்சு வழக்கில் கேட்பவர் anjara என்று நிறுத்துவார், எழுத்து வழக்கில் கேட்பவர் anjarai என்பார். ‘ப்பெ’க்கு p, pp. ‘ட்டி’க்கு t, tt. மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு வழி. ஆக எட்டு வடிவங்கள். எட்டில் ஒன்றுதான் நம்முடைய பக்கம். குடும்பத்தாரிடம் தொலைபேசியில் சொல்லித் தட்டச் சொன்னபோது anjarapetti என்றும் anjaraippetti என்றும்தான் வந்தது. எழுத்தில் பார்த்தால் எல்லோரும் சரியாகப் படித்துவிடுகிறார்கள் என்பது இந்தப் பெயரின் பலம். ஆனால் சமையல் பக்கத்தின் பெயர் கல்யாண வீட்டிலும் கோயில் பிரகாரத்திலும் வாய்வழியாகத்தான் பரவும். போதாக்குறைக்குச் சமையல் பகுதிகளுக்குப் பலரும் முன்பே வைத்துவிட்ட பெயர் இது.

இன்ஸ்டாகிராம் தேடல் கொஞ்சம் பிழையைப் பொறுத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். தேடலில் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அப்போது பழைய, பெரிய பக்கங்களே முன்னால் நிற்கும். பதிவுக்குள் @ போட்டு ஒருவரைக் குறிக்கும்போதும், முகவரியை நேராகத் தட்டும்போதும் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆளிடம் போய் நிற்போம்.

aattukkal பற்றி அண்ணன் மிக உறுதியாக இருந்தார். மாவாட்டிய கல்லைவிடப் பழமைக்கு வேறு சாட்சி வேண்டுமா என்பது அவர் வாதம். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டவுடன் ஆட்டுக்கல், ஆட்டுக்கால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அசைவச் சமையல் பக்கமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சைவச் சமையல் பக்கத்தின் தலையில் ஆட்டுக்கால் சூப்பை ஏற்றி வைக்க முடியாது. இதைவிடப் பெரிய இடைஞ்சல் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஆற்றுகால் பகவதி கோயிலை Attukal என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே மாசி மாதத்தையொட்டி நடக்கும் பொங்காலைக்கு லட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள்; 2009-இல் கூடிய 25 லட்சம் பெண்கள் கின்னஸ் பதிவில் இடம்பெற்றனர். நம் பெயரை யாராவது ஒற்றை a, ஒற்றை k போட்டுத் தேடினால் வருவது அந்தப் படங்கள்தான். அவையும் பானை, அடுப்பு, அரிசி என்பதால், தேடி வந்தவருக்குத் தாம் தவறான இடத்தில் இருப்பது கூடச் சட்டென்று தெரியாது.

nellaiaachi மதினியின் விருப்பம். நெல்லைச் சைவ வீடுகளில் பாட்டியை ஆச்சி என்றுதான் அழைப்போம், அவருக்குச் சொதி வைக்கக் கற்றுக்கொடுத்ததும் ஓர் ஆச்சிதான். சொல் நியாயமானது, எழுத்தில்தான் சிக்கல். nellai முடிகிற i, aachi தொடங்குகிற aa மூன்றும் நடுவில் குவிந்து, எங்கே பிரிப்பது என்று கண் தடுமாறுகிறது. achi, aachi, aachchi என்று கிளைகளும் உண்டு. அதற்கும் மேலே, ஆச்சி என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த மசாலா நிறுவனத்தின் பெயர். பாட்டியை யாரும் ஆச்சி என்று அழைக்கலாம். ஆனால் மதினிக்கு நாளைக்கு இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் விற்கும் எண்ணம் இருக்கிறது. மசாலாவும் பொடியும் வணிகக் குறியீட்டுப் பதிவில் 30-ஆம் வகுப்பில் சேர்பவை. அதே வகுப்பில் புகழ்பெற்ற பெயரோடு ஒட்டிய பெயரில் பொட்டலம் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வர வழி திறந்து வைத்ததாகும். ஆச்சிக்குப் பதில் பாட்டி போடலாமா என்று மருமகள் கேட்டாள். paati, patti, paatti என்று அதுவும் மூன்றாகப் பிரியும். அதில் patti என்று எழுதினால் நெல்லையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மலையாளிகள் நாய் என்று படிப்பார்கள்.

nellaisodhi ஊரின் அடையாளத்தையே பிடிக்கிற பெயர். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்த சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் என்று கல்யாணத்துக்கு மறுநாள் பந்தி போடும் வழக்கம் நெல்லையில் உண்டு. கேட்டதும் நாக்கில் ஊறும். ஆனால் ‘சொ’வில் ஒரு வல்லினம், ‘தி’யில் ஒரு வல்லினம். sodhi, sothi, sodi மூன்றும் நடமாடுகின்றன; யாழ்ப்பாணத்துச் சொதியை sothi என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். sodhi என்றே எழுதினாலும் அது பஞ்சாபியரின் குடும்பப் பெயர். தேடினால் மனிதர்கள் வருவார்கள், குழம்பு வராது. இன்னொன்று: ஒரு பண்டத்தின் பெயரைத் தலைப்பாக வைத்தால் அந்தப் பண்டத்துக்குள்ளேயே அடைபட வேண்டியதுதான். உளுந்தம்பருப்புச் சோறு போடுகிற அன்று பெயர் பொருந்தாமல் நிற்கும்.

(பண்டப் பெயர் வைக்க ஆசைப்படுவோர் வெளிநாட்டு வாசகர்களையும் நினைக்க வேண்டும். sundal என்பது நமக்கு நவராத்திரிப் பிரசாதம். மலாய் மொழியில் அது பெண்ணைக் கேவலமாகத் திட்டும் சொல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் சமையலைப் பார்க்கிறவர்கள் நிறைய.)

கடைசியில் nellaikaimanam. கைமணம் என்ற சொல்லில் முதலெழுத்து மட்டுமே வல்லினம். சொல்லின் தொடக்கத்தில் வரும் ககரத்தை k என்றுதான் எவரும் தட்டுவார்கள். பிறகு வருவதெல்லாம் மெல்லினமும் குறிலும். kai என்று எழுதுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. ணகரமா னகரமா என்ற வேறுபாடு ஆங்கில எழுத்தில் மறைந்துவிடுகிறது. படிப்பவர் சிலர் ‘கைமனம்’ என்று படிக்கலாம். ஆனால் தட்டுபவருக்கு n ஒன்றுதான் இருக்கிறது, பிழைக்கு இடமே இல்லை. nellai-யில் இரட்டை l இருக்கிறது என்றாலும் நெல்லை எக்ஸ்பிரஸ் ரயிலின் பெயர்ப் பலகையில் ஆண்டாண்டாகப் பார்த்துப் பழகிய எழுத்து அது. சொல்லுக்குள் நெல்லும் இருக்கிறது.

ஒரே பொருளில் சமைப்பவர் பலர், ருசி ஒருவர் கைக்கே வரும் என்பதைக் கைமணம் சொல்லிவிடுகிறது. எந்தப் பண்டத்துக்கும், எந்தப் பாத்திரத்துக்கும் அது கட்டுப்படவில்லை. இதற்கும் ஒரு குறை உண்டு: திருவனந்தபுரத்தில் Kaimanam என்று ஒரு பகுதி இருக்கிறது. வெறும் kaimanam வைத்தால் அந்த ஊர்ப் பதிவுகளோடு கலந்துபோகும். அதனால்தான் முன்னால் நெல்லை தேவைப்படுகிறது. பின்னால் வைத்து kaimanamnellai என்றாக்கினால் m-உம் n-உம் சின்னத் திரையில் ஒட்டிக்கொண்டு கண்ணைக் குழப்பும். முன்னால் வைத்தால் nellai என்று தொடங்கும் எத்தனையோ பக்கங்களோடு போட்டியிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் தெளிவாகப் படிக்க முடிவதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெயர் கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு கோடோ புள்ளியோ போடலாம் என்று யோசிப்பவர்கள் தளங்களின் விதிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் புள்ளியையும் அடிக்கோட்டையும் ஏற்கும், இணைப்புக்கோட்டை ஏற்காது. எக்ஸ் தளம் அடிக்கோட்டை ஏற்கும், புள்ளியை ஏற்காது. ஃபேஸ்புக் பக்கத்தின் பயனர்பெயரில் புள்ளி உண்டு, அடிக்கோடு இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமானால் வெறும் எழுத்துகளே வழி. போதாததற்கு, இணைப்பாகக் காட்டப்படும்போது அடியில் விழும் கோட்டுக்குள் அடிக்கோடு மறைந்துபோகும். நீளத்திலும் எக்ஸ் தளம்தான் கடுமையானது: இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 30 எழுத்து வரை இடம் தருகின்றன, அங்கே 15 மட்டுமே. nellaikaimanam 14 எழுத்து. அப்படியே பொருந்துகிறது.

மதினிக்கு ஆச்சியை விட்டுவிட மனமில்லை. “நான் கற்றதெல்லாம் ஆச்சியிடம்தானே, அவர் பெயர் எங்கேயும் இல்லாமல் போகலாமா?” என்று கேட்டார். போக வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராமில் பயனர்பெயருக்குக் கீழே வேறாக ஒரு பெயர்க் கட்டம் இருக்கிறது. அதில் தமிழிலேயே எழுதலாம், தேடலிலும் அது வரும். ‘கைமணம் – நெல்லை சைவச் சமையல்’ என்று அங்கே போடுகிறோம். அந்தக் கட்டத்தை 14 நாளில் இரண்டு முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால் எழுத்துப் பிழையை முன்பே பார்த்துவிட வேண்டும். தோற்ற பெயர்கள் பக்கத்துக்குள் தொடர்களின் தலைப்பாகின்றன: வாரம் ஒரு பழைய பக்குவத்துக்கு ‘ஆச்சி சொன்னது’, பொடி வகைகளுக்கு ‘அஞ்சறைப்பெட்டி’. தமிழ் எழுத்தில் இருக்கிற வரைக்கும் அவற்றுக்கு pp, tt பயம் இல்லை. அண்ணனின் ஆட்டுக்கல்லுக்கு இட்லி மாவு அரைக்கும் காணொளி ஒதுக்கப்பட்டிருக்கிறது.